72 பெரிதா, 77 பெரிதா?

பட்டப் படிப்பின் முதலாண்டு மாணவி ஒருத்தி புள்ளியியலில் 72 மதிப்பெண்ணும் பொருளியலில் 77 மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். எந்தப் பாடத்தை நன்றாக எழுதியிருக்கிறாள்? 77 பெரிது, ஆகவே பொருளியல்தான் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவளுடைய வகுப்பில் பொருளியல் தாளில் பெரும்பாலோர் 70-க்கு மேல் வாங்கியிருந்தால்? புள்ளியியல் தாளோ கடினமாக அமைந்து, பாதி வகுப்பு 60-ஐத் தாண்டாமல் நின்றிருந்தால்?

மதிப்பெண் என்பது மாணவரின் திறமையை மட்டும் காட்டுவதில்லை. வினாத்தாளின் கடினம், திருத்தியவரின் தாராளம், உடன் எழுதியவர்களின் நிலை எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. இவற்றைக் கழித்துவிட்டு, வகுப்பில் இவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் சொல்லும் எண்தான் இசட் மதிப்பு. அதைக் கணக்கிட இரண்டு விவரங்கள் போதும்: வகுப்பின் சராசரி, மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு.

பத்துப் பேரின் மதிப்பெண்

சிறிய வகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். புள்ளியியல் தாளில் பத்துப் பேர் வாங்கிய மதிப்பெண்கள் இவை: 38, 48, 52, 55, 59, 60, 64, 71, 72, 81. கூட்டினால் 600. சராசரி 60.

இனி ஒவ்வொருவரும் 60-இலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார் என்று பாருங்கள். முதல்வருக்கு 22 குறைவு, அடுத்தவருக்கு 12 குறைவு, கடைசியில் இருப்பவருக்கு 21 கூடுதல். இந்த விலகல்களை அப்படியே கூட்டினால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று அழித்து எப்போதும் பூஜ்யமே மிஞ்சும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திவிட்டுக் கூட்டுகிறோம். இங்கே அந்தக் கூட்டுத்தொகை 1440. பத்தால் வகுத்தால் 144. அதன் வர்க்கமூலம் 12. இந்தப் பன்னிரண்டுதான் திட்ட விலக்கம். இலங்கைப் பாடநூல்களில் இதற்கு நியம விலகல் என்று பெயர். இந்த வகுப்பில் ஒருவர் சராசரியிலிருந்து விலகி நிற்கும் வழக்கமான தூரம் ஏறக்குறைய 12 மதிப்பெண் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

இசட் மதிப்பு அந்தத் தூரத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுக்க வேண்டும்.

z = (x − μ) / σ

72 வாங்கியவருக்கு (72 − 60) / 12 = 1. அதாவது, சராசரிக்கு மேலே சரியாக ஒரு திட்ட விலக்கத் தூரத்தில் நிற்கிறார். 81 வாங்கியவருக்கு 1.75. 60 வாங்கியவருக்கு 0. 38 வாங்கியவருக்கு −1.83. எதிர்க்குறி சராசரிக்குக் கீழே என்பதை மட்டுமே குறிக்கிறது. தோல்வி என்று அதற்குப் பொருள் இல்லை.

இப்போது பொருளியலுக்கு வருவோம். அந்தத் தாளில் வகுப்புச் சராசரி 74, திட்ட விலக்கம் 6 என்று கொள்வோம். 77-க்கான இசட் மதிப்பு (77 − 74) / 6 = 0.5. புள்ளியியலில் 1, பொருளியலில் 0.5. தன் வகுப்போடு ஒப்பிட்டால் அந்த மாணவி சிறப்பாகச் செய்தது புள்ளியியலில்தான்.

கணினியில் இதைச் செய்யும்போது ஒரு தடுமாற்றம் நேரும். விரிதாளில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு கட்டளைகள் உண்டு.

```
=STDEV.P(A1:A10)
=STDEV.S(A1:A10)
```

நம் பத்து மதிப்பெண்களுக்கு முதல் கட்டளை 12 என்று தரும், இரண்டாவது 12.65 என்று தரும். முதலாவது 1440-ஐப் பத்தால் வகுக்கிறது. இரண்டாவது ஒன்பதால் வகுக்கிறது. வகுப்பு முழுவதன் மதிப்பெண்ணும் கையில் இருந்து, அந்த வகுப்பைப் பற்றி மட்டுமே பேசினால் முதலாவது சரி. பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த ஒரு மாதிரியை வைத்து முழுக் கூட்டத்தின் சிதறலை மதிப்பிடுவதாக இருந்தால் இரண்டாவது வேண்டும். இருவர் ஒரே கணக்கைச் செய்து வெவ்வேறு விடை சொன்னால், முதலில் இந்த இடத்தைத்தான் சரிபார்க்க வேண்டும்.

மணி வடிவ வளைகோடு எங்கே வருகிறது?

இதுவரை செய்த கணக்கில் இயல்நிலைப் பரவல் தலைகாட்டவே இல்லை என்பதைக் கவனியுங்கள். கழித்தோம், வகுத்தோம், அவ்வளவுதான். எந்த எண்தொகுதிக்கும் இதைச் செய்யலாம். ஆனால், இசட் மதிப்பு 1 என்றால் வகுப்பில் எத்தனை சதவீதம் பேர் இவருக்குக் கீழே இருப்பார்கள் என்று கேட்டால், சராசரியும் திட்ட விலக்கமும் மட்டும் பதில் சொல்ல மாட்டா. மதிப்பெண்கள் எந்த வடிவத்தில் பரவியிருக்கின்றன என்பதும் தெரிந்தாக வேண்டும். இயல்நிலைப் பரவல் உதவிக்கு வருவது இந்த இடத்தில்தான். இலங்கை மாணவர்கள் இதையே செவ்வன் பரம்பல் என்று படிக்கிறார்கள்.

நடுவில் உயர்ந்து, இரு பக்கமும் சமச்சீராகச் சரியும் வளைகோடு இது. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் டி மாய்வரின் தேற்றம் படித்திருப்பீர்கள். அதே டி மாய்வர் 1733-இல், ஒரு நாணயத்தைப் பல முறை சுண்டினால் தலை விழும் எண்ணிக்கை எப்படிப் பரவும் என்று ஆராய்ந்தபோது இந்த வளைகோட்டை அடைந்தார். 1809-இல் காஸ் வானியல் அளவீடுகளில் நேரும் பிழைகளுக்கு இதையே பயன்படுத்தினார். ஒன்றையொன்று சாராத சிறுசிறு கூறுகள் பல சேர்ந்து ஒரு கூட்டுத்தொகை உருவாகும் இடங்களில் இந்த வடிவம் தோன்றுகிறது.

தேர்வு மதிப்பெண்ணும் பல வினாக்களில் கிடைத்த சிறுசிறு மதிப்பெண்களின் கூட்டுத்தொகைதான். அதனால் நடுத்தரக் கடினமுள்ள நீண்ட தாளை நிறையப் பேர் எழுதும்போது மதிப்பெண்கள் பெரும்பாலும் மணி வடிவத்தை நெருங்கும். ஆனால் நாணயம் சுண்டுவதற்கும் தேர்வு எழுதுவதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நன்கு படித்த மாணவர் ஒரு வினாவுக்குச் சரியாக விடை எழுதினால் அடுத்த வினாவுக்கும் எழுதவே வாய்ப்பு அதிகம். வினாக்கள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. ஆகவே மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலை நெருங்கலாமே தவிர, அப்படித்தான் அமைய வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

நெருங்கியிருந்தால் கிடைக்கும் பலன் பெரிது. 68 சதவீதம் பேர் சராசரிக்கு இரு பக்கமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள்ளும், 95 சதவீதம் பேர் இரண்டு திட்ட விலக்கத்துக்குள்ளும், 99.7 சதவீதம் பேர் மூன்றுக்குள்ளும் இருப்பார்கள். இடையில் உள்ள இசட் மதிப்புகளுக்குப் பாடநூலின் கடைசியில் இருக்கும் அட்டவணையைப் பார்க்கலாம்.

ஆயிரம் பேர் எழுதிய ஒரு தாளில் சராசரி 52, திட்ட விலக்கம் 14, பரவல் ஏறக்குறைய இயல்நிலை என்று வைத்துக்கொள்வோம். 66 வாங்கியவரின் இசட் மதிப்பு 1. அட்டவணை, இதற்குக் கீழே 84.13 சதவீதம் என்கிறது. அப்படியானால் அவருக்கு மேலே ஏறக்குறைய 159 பேர் இருப்பார்கள். 80 வாங்கியவரின் இசட் மதிப்பு 2; அவருக்கு மேலே சுமார் 23 பேர்தான். 52-இலிருந்து 66-க்கு ஏறியவர் ஏறக்குறைய 340 பேரைத் தாண்டுகிறார். 66-இலிருந்து 80-க்கு ஏறியவர் அதே 14 மதிப்பெண்ணுக்கு 136 பேரை மட்டுமே தாண்டுகிறார். கூட்டம் நடுவில் நெருக்கமாக இருப்பதால் வரும் விளைவு இது.

கணக்கைத் தலைகீழாகவும் போடலாம். முதல் பத்து சதவீதத்தினருக்கு உதவித்தொகை என்றால் எல்லை மதிப்பெண் எது? 90 சதவீதம் பேர் கீழே இருக்கும் இடத்தின் இசட் மதிப்பு 1.28. அதைத் திட்ட விலக்கத்தால் பெருக்கிச் சராசரியோடு கூட்டினால் 52 + 1.28 × 14 = 69.92. ஆகவே எல்லை ஏறக்குறைய 70.

பொருந்தாத வகுப்பை எப்படி அறிவது?

அட்டவணை யாருக்கும் மறுப்புச் சொல்லாது. மதிப்பெண்கள் எந்த வடிவத்தில் இருந்தாலும், இசட் மதிப்பைக் கொண்டுபோனால் ஒரு சதவீதத்தைத் தந்துவிடும். அது நம்பத்தக்கதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

மிக எளிதான தாள் ஒன்றில் சராசரி 82, திட்ட விலக்கம் 12 என்று கொள்வோம். மொத்த மதிப்பெண் 100. 100-க்கான இசட் மதிப்பு 1.5. அதற்கு மேலே 6.68 சதவீதம் என்று அட்டவணை சொல்லும். ஆயிரம் பேர் எழுதியிருந்தால் 67 பேர் நூற்றுக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும்! அது நடக்காது. மதிப்பெண்கள் மேல் எல்லையில் முட்டி நிற்க, வளைகோட்டின் வால் இடப்பக்கம் நீண்டிருக்கிறது என்பதே இதன் பொருள். சராசரியோடு ஒன்றிரண்டு திட்ட விலக்கத்தைக் கூட்டியும் கழித்தும் பார்த்து, விடை 0-க்குக் கீழேயோ 100-க்கு மேலேயோ போகிறதா என்று கவனித்தால் இந்தக் கோளாறு உடனே பிடிபடும்.

இன்னொரு வகை, இரண்டு முகடுகள் உள்ள வகுப்பு. கணிதம் படித்துவிட்டு வந்தவர்களும் படிக்காமல் வந்தவர்களும் சரிபாதியாக இருக்கும் வகுப்பில், ஒரு பாதியின் சராசரி 75-ஆகவும் மறு பாதியின் சராசரி 35-ஆகவும் இருக்கலாம். மொத்தச் சராசரி 55. ஆனால் 55-க்குப் பக்கத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். மூன்றாவது வகை, தேர்ச்சி எல்லையில் உண்டாகும் குவியல். எல்லை 40 என்றால், 37, 38, 39 வாங்கியவர்களுக்குக் கருணை மதிப்பெண் போட்டு 40-க்கு ஏற்றிவிடும்போது, எல்லைக்குச் சற்றுக் கீழே பள்ளமும் எல்லையில் திடீர் மேடும் விழும்.

இவற்றைக் கண்டுபிடிக்கக் கடினமான சோதனைகள் வேண்டியதில்லை. மதிப்பெண்களை 0–9, 10–19 எனப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று செவ்வகப் படம் வரைந்தால், எல்லையில் முட்டி நிற்பதும் இரட்டை முகடும் கண்ணுக்குத் தெரியும். தேர்ச்சி எல்லைக் குவியலைப் பார்க்க மட்டும் அந்த இடத்தில் ஒவ்வொரு மதிப்பெண்ணாக எண்ண வேண்டும். பிறகு சராசரியையும் இடைநிலை அளவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வெகுவாக விலகியிருந்தால் பரவல் ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. ஒரு திட்ட விலக்கத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் இருக்கிறார்களா என்றும் எண்ணிப் பார்க்கலாம். நம் பத்துப் பேர் வகுப்பில் 48 முதல் 72 வரை எட்டுப் பேர் இருக்கிறார்கள். இது 68 சதவீதத்திலிருந்து விலகியதுபோல் தெரிந்தாலும், பத்துப் பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அவ்வளவு சிறிய வகுப்பில் அட்டவணையைத் திறக்கத் தேவையே இல்லை. நேராகத் தரவரிசையை எண்ணிவிடலாம்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் நீக்க வேண்டும். இசட் மதிப்பாக மாற்றினால் மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலாகிவிடும் என்று மாணவர்கள் பலர் தேர்வில் எழுதுகிறார்கள். ஆகாது. மாற்றிய பிறகு சராசரி 0 ஆகும், திட்ட விலக்கம் 1 ஆகும். வடிவம் அப்படியே இருக்கும். இரட்டை முகடு இரட்டை முகடாகவே நிற்கும்.

யாரோடு ஒப்பிடுகிறோம்?

இசட் மதிப்பு ஒருவரின் வாழ்க்கையையே தீர்மானிக்கும் இடம் ஒன்று நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலங்கையில் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதுபவர்கள் மூன்று பாடங்களைத் தெரிவு செய்கிறார்கள். உயிரியலோடும் இரசாயனவியலோடும் ஒருவர் பௌதிகவியலை எடுப்பார், இன்னொருவர் விவசாய விஞ்ஞானத்தை எடுப்பார். வெவ்வேறு தாள்களின் மதிப்பெண்களை அப்படியே கூட்டி வரிசைப்படுத்தினால், எளிய தாளை எழுதியவருக்கு ஆதாயம் கிடைத்துவிடும். அதைத் தவிர்க்க, 2001-இலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் இசட் புள்ளி கணக்கிட்டு, மூன்றின் சராசரியைக் கொண்டு பல்கலைக்கழக அனுமதி வழங்குகிறார்கள்.

2011-ஆம் ஆண்டுப் பரீட்சையில் ஒரு சிக்கல் எழுந்தது. பாடத்திட்டம் மாறிய ஆண்டு அது. முதன்முறை எழுதியவர்கள் புதிய பாடத்திட்டத்திலும், மீண்டும் எழுதியவர்கள் பழைய பாடத்திட்டத்திலும் எழுதினார்கள். தாள்கள் வேறு. ஆனால் இரு கூட்டத்தாரையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணக்கிடப்பட்டது. மாணவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்தக் கணிப்பு செல்லாது, இரு கூட்டங்களையும் தனித்தனியாகக் கொண்டு மீண்டும் கணக்கிட வேண்டும் என்று 2012-இல் தீர்ப்பு வந்தது.

சேர்த்துக் கணக்கிடுவதால் என்ன கெட்டுவிடும் என்பதை ஒரு கற்பனை எண் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். பழைய தாளின் சராசரி 50, புதிய தாளின் சராசரி 40, இரண்டுக்கும் திட்ட விலக்கம் 10, இரு பக்கமும் சம எண்ணிக்கையில் ஆட்கள் என்று கொள்வோம். பழைய தாளில் 55 வாங்கியவருக்குத் தன் கூட்டத்தில் இசட் புள்ளி 0.5. புதிய தாளில் 50 வாங்கியவருக்குத் தன் கூட்டத்தில் 1. இரண்டாமவரே முன்னால் நிற்கிறார். இனி இரு கூட்டத்தையும் சேர்த்துவிடுவோம். சராசரி 45 ஆகிறது. இரு சராசரிகளும் விலகியிருப்பதால் திட்ட விலக்கம் 11.18 ஆகப் பெருகுகிறது. இப்போது முதலாமவருக்கு 0.89, இரண்டாமவருக்கு 0.45. வரிசை தலைகீழாகிவிட்டது! யாருடைய விடைத்தாளிலும் ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை. ஒப்பிடும் கூட்டம்தான் மாறியது.

தனித்தனியாகக் கணக்கிடுவதிலும் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. இரு கூட்டத்தாரும் சம திறமை உள்ளவர்கள், சராசரியில் தெரியும் வேறுபாடு முழுவதும் தாளின் கடினத்தால் வந்தது என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒரு கூட்டம் உண்மையிலேயே கூடுதலாகப் படித்து வந்திருந்தால், அந்த உழைப்பையும் சூத்திரம் கழித்துவிடும். இரண்டில் எது உண்மை என்று மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இரு தாள்களுக்கும் பொதுவான வினாக்கள் போன்ற வேறு சான்று வேண்டும்.

மூன்று பாடங்களின் சராசரி இசட் புள்ளியைப் படிப்பதிலும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒருவருடைய சராசரி 2 என்றால், அவருக்கு மேலே 2.28 சதவீதம் பேர் என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்வது தவறு. ஒரே மாணவர் மூன்று பாடத்திலும் ஒருசேர உச்சத்தில் நிற்பது அரிது. ஒன்றில் ஏறினால் இன்னொன்றில் சற்று இறங்குவார். அதனால் சராசரிகள் நடுவை நோக்கி நெருங்கும், அவற்றின் திட்ட விலக்கம் 1-ஐ விடக் குறையும். எல்லோரும் அதே மூன்று பாடங்களையே எழுதி, பாடங்களுக்கு இடையிலான ஒட்டுறவு 0.5 என்றால் அது 0.82-க்கு இறங்குகிறது. 2-ஐ அதனால் வகுத்தால் உண்மையான நிலை 2.45. அட்டவணைப்படி அவருக்கு மேலே 0.7 சதவீதத்தினர்தான். அட்டவணையை மட்டும் நம்பியவர் அந்த மாணவரை மூன்று மடங்கு பின்னால் தள்ளிவிடுகிறார்.

ஆகவே, இசட் மதிப்பு ஒன்று உங்கள் கைக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். யாருடைய சராசரி கழிக்கப்பட்டது? யாருடைய திட்ட விலக்கத்தால் வகுக்கப்பட்டது? சதவீதம் சொல்லப்பட்டிருந்தால், பரவலின் வடிவத்தை யாராவது வரைந்து பார்த்தார்களா? முதல் இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் இசட் மதிப்பை வைத்துக்கொள்ளுங்கள், சதவீதத்தை விட்டுவிடுங்கள்.